மன்னனும் இளவரசனும் சந்திக்கும் அரை மணி நேரம்

கேள்வி: திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஜனவரி 30, வெள்ளிக்கிழமை எங்கள் ஆண்டு விழா. மனுநீதிச் சோழன் நாடகம் போடுகிறோம். 40 நிமிட நாடகம், 16 பிள்ளைகள். இளவரசனாக நடிப்பவனும் காவலர் இருவரும் கபடி அணியில் இருக்கிறார்கள்; திங்கள், புதன், வெள்ளி மாலை 4:30-க்குப் பயிற்சி. மன்னனாக நடிப்பவன் பத்தாம் வகுப்பு. செவ்வாய், வியாழன் மாலை ஸ்பெஷல் கிளாஸ். அரையாண்டுத் தேர்வு டிசம்பர் 10 முதல் 23 வரை. பள்ளி விடுவது 4:15, பாதிப் பிள்ளைகள் 5:40 டவுன் பஸ்ஸை விட்டால் வீடு போக முடியாது. போன வருடம் தினமும் எல்லாரையும் நிறுத்தி ஒத்திகை பார்த்தேன். பி.டி. சாருக்கும் எனக்கும் மனத்தாங்கல், பெற்றோர் புகார், கடைசியில் லீவு முடிந்து வந்தபோது பாதி வசனம் மறந்து போயிருந்தது. நவம்பர் 3-ஆம் தேதி தொடங்கலாம் என்று இருக்கிறேன். அட்டவணையை எப்படிப் போடுவது?

பதில்:

வணக்கம் டீச்சர். தேதி போடுவதற்கு முன்னால் நாடகத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதி எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

மேடையில் ஓடும் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர ஒத்திகை என்பது நாடகம் போடுகிறவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பழகிய பிள்ளைகளாக இருந்தால் கொஞ்சம் குறையும். முதல் தடவை மேடை ஏறுகிறவர்களுக்குக் குறையாது. உங்கள் நாடகத்துக்கு 40 மணி நேரம் வேண்டும். கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம்.

மாலை 4:25-க்குத் தொடங்கி 5:30-க்கு முடித்தால்தான் பஸ் கிடைக்கும். நவம்பரில் டெல்டாவில் 5:45 வாக்கில் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், பஸ் இல்லாத பிள்ளைகளுக்கும் 5:30 தான் சரியான எல்லை. ஆக ஒரு மாலைக்கு 65 நிமிடம். வாரத்துக்குத் திங்கள், புதன், வியாழன் என்று மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் அந்த மூன்று நாள் என்று பிறகு சொல்கிறேன். நவம்பர் 3 முதல் டிசம்பர் 3 வரை அப்படி 14 மாலைகள் வருகின்றன. வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதம் அது. கலெக்டர் லீவு விடும் நாள், லீவு விடாவிட்டாலும் வானம் கறுத்ததும் பிள்ளைகளை அனுப்ப வேண்டிய நாள் என்று நான்கைக் கழித்துவிடுங்கள். 10 மாலை, கிட்டத்தட்ட 11 மணி நேரம்.

டிசம்பர் 4 முதல் ஜனவரி 4 வரை ஒத்திகையே கிடையாது. தேர்வுக்கு முந்தின ஒரு வாரம் முழுதாகப் பிள்ளைகளுக்குப் படிக்க வேண்டும். லீவில் கூப்பிட்டால் வெளியூர் போனவர்கள் வரமாட்டார்கள்; வராத இருவருக்காக வந்த பதினான்கு பேரும் காத்திருப்பார்கள். ஜனவரியில் பள்ளி திறந்தபின் பொங்கலுக்கு முன் 5, 7, 8, 12 ஆகிய நான்கு மாலைகளும், 10-ஆம் தேதி சனிக்கிழமை காலை 9:30 முதல் 12:30 வரை மூன்று மணி நேரமும் வைத்தால் 7 மணி 20 நிமிடம். பொங்கல் முடிந்து 19, 21, 22 மாலைகள், 24-ஆம் தேதி சனிக்கிழமை மூன்று மணி நேரம், 27 மாலை, 28-ஆம் தேதி வேஷத்தோடு முழு ஒத்திகைக்கு இரண்டு மணி நேரம். இது 9 மணி 20 நிமிடம். எல்லாம் கூட்டினால் 27 மணிக்குச் சற்று அதிகம்.

அதனால் உங்கள் நாடகம் 28 நிமிட நாடகம்தான். 40 நிமிடத்தையும் வைத்துக்கொண்டு, போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினால், அந்த 12 நிமிடத்துக்கான நேரத்தை நீங்கள் கபடியிடமும் ஸ்பெஷல் கிளாஸிடமும்தான் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். பி.டி. சாரோடு வந்த மனத்தாங்கலுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. வெட்டுவதும் கடினமில்லை. மன்னனின் பெருமை பாடும் தொடக்கம், அவையில் புலவர் வருவது போன்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கதையை நகர்த்துவதில்லை. அவற்றை எடுத்துவிட்டு ஏழு காட்சியாக நிறுத்தலாம். மன்னன் ஆராய்ச்சி மணி கட்டுவது 4 நிமிடம். இளவரசன் தேரில் போய் கன்று அடிபடுவது 5. பசு மணி அடிப்பது 3. அமைச்சன் மன்னனிடம் நடந்ததைச் சொல்வது 4. மன்னன், அரசி, இளவரசன் மூவரும் இருக்கும் காட்சி 4. இளவரசன் மேல் தேர் ஓட்டச் சொன்ன ஆணையை நிறைவேற்ற முடியாமல் அமைச்சன் உயிர் விடுவது 2. வீதியில் மன்னனே தேர் ஓட்டுவதும், இறைவன் தோன்றி எல்லாரும் உயிர் பெறுவதும் 6. மொத்தம் 28.

இனி, யாருக்கு எந்த நாள் என்ற கேள்வி. நீள நோட்டில் இரண்டு பக்கத்தை விரித்து வைத்து, இடப்பக்கம் 16 பேர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மேலே ஏழு காட்சிகள். அந்தக் காட்சியில் பேசுகிற பிள்ளைக்கு நிறைந்த வட்டம், வெறுமனே நிற்கிற பிள்ளைக்கு வெற்று வட்டம். இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வசனம் இல்லாமல் நிற்கிற பிள்ளையின் இடத்தில் ஒத்திகையில் வேறு யாரும் நிற்கலாம், ஒரு நாற்காலியைக்கூடப் போட்டுக்கொள்ளலாம். பேசுகிறவனுக்குப் பதில் நாற்காலி போட முடியாது. பெயருக்குப் பக்கத்திலேயே அந்தப் பிள்ளை வர முடியாத கிழமைகளைப் பென்சிலில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் கீழே, நிறைந்த வட்டம் உள்ள எல்லாரும் வரக்கூடிய கிழமைகள் எவை என்று எழுதிக்கொண்டே போங்கள்.

உங்கள் நாடகத்துக்கு அது இப்படி வரும். மணி கட்டும் முதல் காட்சியில் மன்னன், அமைச்சன், ஊர் மக்கள் ஐவர். கபடிப் பிள்ளைகள் யாரும் பேசவில்லை, ஆகவே திங்கள், புதன், வெள்ளி. இரண்டாம் காட்சியில் இளவரசன், தோழர் இருவர், தேர்ப்பாகன், பசு, கன்று, ஊர் மக்கள். மன்னன் இல்லை, ஆகவே செவ்வாய், வியாழன். மணி அடிக்கும் மூன்றாம் காட்சியில் பசுவும் காவலர் இருவரும். இதுவும் செவ்வாய், வியாழன். நான்காம் காட்சியில் காவலருக்கு இரண்டு வரி வைத்திருப்பீர்கள். அதை எடுத்து அமைச்சனுக்குக் கொடுத்துவிடுங்கள். பெரியபுராணத்தில் மன்னனிடம் நடந்ததைச் சொல்பவனே அமைச்சன்தான், அதனால் கதைக்குப் பாதகமில்லை. அப்போது காவலர் வெற்று வட்டம் ஆகிவிடுவார்கள், காட்சி திங்கள், புதன், வெள்ளிக்கு வந்துவிடும். ஆறாம் காட்சி அமைச்சனும் தேர்ப்பாகனும் மட்டும், எந்த நாளும் சரி. ஐந்திலும் ஏழிலும் மட்டும் கிழமைக் கட்டம் காலியாக நிற்கும். மன்னன் வரும் நாளில் இளவரசன் கபடியில் இருக்கிறான். இளவரசன் வரும் நாளில் மன்னன் ஸ்பெஷல் கிளாஸில் இருக்கிறான். ஒரு வாரம் முழுக்கத் தேடினாலும் அப்பனும் மகனும் சந்திக்க ஒரு மாலை இல்லை.

இதைப் பார்த்தவுடன் வேஷத்தை மாற்றிவிடலாமா என்று தோன்றும். வேண்டாம், ஏழாம் காட்சியை இன்னும் சின்னத் துண்டாக்கிப் பாருங்கள். யாராவது மேடைக்கு வரும் இடத்திலும் போகும் இடத்திலும் ஒரு கோடு இழுத்தால் அது மூன்றாகப் பிரியும். முதல் துண்டில் இளவரசன் வீதியில் படுத்திருக்கிறான், மக்கள் புலம்புகிறார்கள், மன்னன் இன்னும் வரவில்லை. அது வியாழனில் முடியும். மூன்றாவது துண்டில் இறைவன் தோன்றுகிறார், மன்னன் பேசுகிறான், மக்கள் பேசுகிறார்கள். இளவரசன் எழுந்து நிற்பதோடு சரி, வசனம் கிடையாது. அது திங்களில் முடியும். நடுவில் மன்னன் தேரேறி வரும் இரண்டு நிமிடத்துக்கு மட்டும்தான் இருவரும் வேண்டும். ஐந்தாம் காட்சியின் நான்கு நிமிடத்தோடு சேர்த்தால், மன்னனும் இளவரசனும் சேர்ந்தே ஆக வேண்டியது மொத்தமே 6 நிமிட நாடகம். பி.டி. சாரிடம் நீங்கள் கேட்கப் போவது அந்த 6 நிமிடத்துக்கான நேரம். அவரிடம் இந்த நோட்டோடு போனால், "என் பையன்களை விடுங்க சார்" என்று பொதுவாகக் கேட்க வேண்டியதில்லை; ஒரு பையன், வாரம் ஒரு நாள், அரை மணி நேரம் என்று கேட்கலாம்.

எந்த அரை மணி என்பதும் முக்கியம். புதன்கிழமை 4:25 முதல் 4:55 வரை கேளுங்கள். கபடிப் பயிற்சியில் உடம்பைச் சூடேற்றுவதும் தனித்தனிப் பயிற்சியும் முதலில் வரும், அணி பிரித்து ஆடுவது பிறகு. பின் பாதியில் ஒரு பையனை எடுத்தால் ஏழு பேர் அணி ஆறாகி எல்லாருடைய ஆட்டமும் கெடும். முன் பாதியில் எடுத்தால் அவன் ஒருவனுக்குத்தான் இழப்பு. அவனை 4:55-க்கு அனுப்பும்போது, நேராகக் களத்தில் இறங்காமல் தனியாகப் பத்து நிமிடம் ஓடி, கை கால் நீட்டிவிட்டுச் சேரச் சொல்லுங்கள். சூடேறாமல் ரைடு போகிற பையனுக்குத் தசை பிடிக்கும். பிடித்தால் பழி உங்கள் நாடகத்தின் மேல் விழும், அது நியாயமும்கூட. ஒத்திகையை முன்னால் வைக்க இன்னொரு காரணம் குரல். அரை மணி நேரம் "கபடி கபடி" என்று மூச்சுப் பிடித்துப் பாடிவிட்டு வருகிற பையனிடம் தொண்டை கரகரக்கும். அந்தக் குரலோடு "அப்பா" என்று அழச் சொன்னால் அவன் கத்தத்தான் செய்வான், நாளைக்கு அதுவும் வராது. போட்டி நடக்கும் வாரத்தில் அந்த அரை மணியையும் கேட்காதீர்கள். அதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் மற்ற வாரங்கள் தடையில்லாமல் கிடைக்கும்.

இப்போது வாரம் இப்படி நிற்கிறது.

திங்கள், 4:25 முதல் 5:30: மன்னன், அமைச்சன், ஊர் மக்கள். முதல் காட்சி, ஏழாம் காட்சியின் கடைசித் துண்டு.

புதன், 4:25 முதல் 4:55: மன்னன், அரசி, இளவரசன். ஐந்தாம் காட்சி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தேர் வரும் துண்டு. 4:55 முதல் 5:30: மன்னன், அமைச்சன், தேர்ப்பாகன். நான்காம் காட்சி, ஆறாம் காட்சி.

வியாழன், 4:25 முதல் 5:30: இளவரசன், தோழர், காவலர், தேர்ப்பாகன், பசு, கன்று, ஊர் மக்கள். இரண்டாம், மூன்றாம் காட்சிகள், ஏழாம் காட்சியின் முதல் துண்டு.

எந்தப் பிள்ளையும் வாரத்தில் இரண்டு மாலைக்கு மேல் நிற்கவில்லை. அரசிக்கு அரை மணி நேரம் மட்டுமே. செவ்வாயும் வெள்ளியும் வெற்றாக இருக்கட்டும், அவைதான் மழைக்கான கையிருப்பு. வியாழன் மழையில் போனால் அடுத்த செவ்வாய் அதே ஆட்களோடு நடக்கும், திங்கள் போனால் வெள்ளி. இளவரசன் குழுவுக்கு வியாழனைத் தந்து செவ்வாயை விட்டதும், மன்னன் குழுவுக்குத் திங்களைத் தந்து வெள்ளியை விட்டதும் இதற்காகத்தான். ஐந்து நாளையும் நிரப்பிவிட்டால் ஒரு புயல் சின்னம் உருவானாலே அட்டவணை முழுவதும் சரிந்துவிடும். பாழாய்ப்போன நாளைச் சேர்த்துவைத்துக் கடைசி வாரத்தில் ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதுவும் பழக நேரம் இருக்காது.

பிள்ளைகளிடம் கொடுக்கும் தாளில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்தக் காட்சி, யார் யார் என்பது பெயரோடு இருக்க வேண்டும். "அனைவரும்" என்ற சொல் அந்தத் தாளில் ஜனவரி 10-க்கு முன் வரக்கூடாது. முடியும் நேரம் எழுதாத தாளைப் பெற்றோர் நம்பமாட்டார்கள். எழுதினால், 5:30-க்கு மணி அடித்த மாதிரி விட்டுவிடவும் வேண்டும், காட்சி பாதியில் நின்றாலும் சரி. ஒரு நாள் பஸ் போய்விட்டால் அடுத்த வாரம் மூன்று பிள்ளைகள் குறைவார்கள். ஒரு பிரதி பி.டி. சாருக்கு, ஒன்று பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு, ஒன்று ஆசிரியர் அறைச் சுவரில். எழுதும் முன்பே அவர்கள் இருவரிடமும் போட்டித் தேதியும் தேர்வுத் தேதியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக்கு ஜனவரியில் திருப்புதல் தேர்வு வரும், அதன் தேதியைத் தனியாகக் கேளுங்கள். தேர்வுக்கு முந்தின மாலை மன்னனைக் கூப்பிடக்கூடாது.

மன்னன் இல்லாத அந்த மாலைகளுக்கும், கபடி அணி ஜெயித்து மேல்மட்டப் போட்டிக்குப் போனால் இளவரசன் இல்லாமல் போகும் நாட்களுக்கும் மாற்றாள் வேண்டும். வெளியிலிருந்து ஆள் தேடாதீர்கள், உங்கள் வட்டக் கட்டத்திலேயே இருக்கிறார்கள். அமைச்சன் ஆறாம் காட்சியில் இறந்துவிடுகிறான், ஏழாம் காட்சியின் கடைசியில் உயிர் பெறும்வரை மேடையில் அவனுக்கு வேலை இல்லை. முதல் காட்சியிலும் நான்காம் காட்சியிலும் அவன் மன்னன் பக்கத்திலேயே நின்று பார்க்கிறான். வியாழன்களில் அவன் வந்து நின்று மன்னன் வசனத்தைத் தாளைப் பார்த்துப் படித்தால், மக்கள் அழுது முடித்ததும் தேர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் பழகிவிடும். ஆனால் அவனுக்கு அது மூன்றாவது மாலை; இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தால் போதும், அவன் வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இளவரசனுக்கு மாற்றாள் தோழர் இருவரில் ஒருவன். அவன் இரண்டாம் காட்சியில் மட்டும் வருகிறான், அவன் இளவரசன் ஆனால் தோழன் ஒருவன் குறைவதைப் பார்ப்பவர்கள் கவனிக்கமாட்டார்கள். நவம்பர் முதல் வாரத்திலேயே இருவரிடமும் சொல்லி வசனத்தைக் கையில் கொடுங்கள். ஜனவரியில் அவசரத்துக்குக் கொடுத்தால் பொங்கலும் அறுவடையும் போக அவனுக்குப் படிக்க நாளே கிடைக்காது.

லீவில் மறந்துபோவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு மாத இடைவெளியில் மறக்கத்தான் செய்யும். எதை மறப்பார்கள் என்று தெரிந்தால் தடுக்கலாம். தாளைக் கையில் வைத்தே கடைசிவரை நடித்த பிள்ளைக்கு லீவுக்குப் பிறகு எதுவுமே மிஞ்சாது, ஏனென்றால் அது மனப்பாடம் ஆகியிருக்கவே இல்லை. ஆகவே நவம்பர் 24-ஆம் தேதி வாரம் தொடங்கி யார் கையிலும் தாள் இருக்கக்கூடாது. அந்த வாரம் ஒத்திகை பார்க்கவே சகிக்காது. தடுமாறுவார்கள், நிற்பார்கள், நீங்கள் வரிக்கு வரி எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்கு அடுத்த வாரம் தெளிந்துவிடும். தாளை விடும் வாரமும் தேர்வுக்கு முந்தின வாரமும் ஒன்றாகிவிட்டால்தான் ஆபத்து.

அந்தந்தக் காட்சியின் கடைசி மாலையில் வசனத்தைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். நவம்பர் 27-ல் இரண்டு, மூன்று, ஏழின் முதல் துண்டு. டிசம்பர் 1-ல் முதல் காட்சி, ஏழின் கடைசித் துண்டு. டிசம்பர் 3-ல் மீதி எல்லாம். வீடியோ வேண்டாம், குரல் மட்டும். வீடியோவில் தன்னைப் பார்க்கிற பிள்ளை முகத்தைத்தான் கவனிக்கும், காது கேட்காது. 28 நிமிடக் குரல் பதிவை லீவில் வாரம் இரண்டு முறை கேட்டால் போதும். தேர்வு முடியும் 23-ஆம் தேதிக்குப் பிறகு அனுப்புங்கள். முன்னால் அனுப்பினால் படிக்கிற நேரத்தில் கேட்பார்கள்.

வசனத்தைவிட வேகமாக மறப்பது இடம். எந்தப் பக்கம் வந்தோம், எந்த வரியில் உட்கார்ந்தோம் என்பது ஒரு மாதத்தில் முழுதாகப் போய்விடும், அது ஒலிப்பதிவில் வராது. உங்கள் பிரதியில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் எழுதிவையுங்கள். "இளவரசன் இடப்புறம், மூன்றடி, மண்டியிடுகிறான்" என்ற அளவுக்கு எழுதினால் போதும். விழா மேடையின் நீள அகலத்தைக் கயிறால் அளந்து, அதே அளவை ஒத்திகை நடக்கும் வகுப்பறையிலோ மைதானத்திலோ சுண்ணாம்புக் கோடாகப் போட்டுவிடுங்கள். வகுப்பறையில் நாலு அடியில் முடிந்த நடை, மேடையில் பத்து அடியாகும்போது வசனம் தீர்ந்துபோய் பிள்ளை பாதி வழியில் ஊமையாக நடக்கும். தேர் வருகிற துண்டில் இது பெரிதாகத் தெரியும்.

ஜனவரி 5, பள்ளி திறந்த அன்று மன்னன் குழுவை நடிக்க விடாதீர்கள். வட்டமாக உட்காரவைத்து, வழக்கமான வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வசனத்தை மட்டும் ஓட்டுங்கள். உணர்ச்சி வேண்டாம், நடை வேண்டாம். எங்கே தடுக்குகிறதோ அந்த வரிகளைக் கோடிட்டுக்கொண்டு அவற்றை மட்டும் ஐந்தாறு தடவை சொல்லவையுங்கள். இரண்டாவது சுற்றிலேயே பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். எழுந்து நடித்துக்கொண்டே ஞாபகப்படுத்தச் சொன்னால் இடமும் வசனமும் ஒன்றையொன்று குழப்பும். 8-ஆம் தேதி இளவரசன் குழுவுக்கும் இதையே செய்யுங்கள். பொங்கல் முடிந்து வரும் 19-ஆம் தேதியும் முதல் இருபது நிமிடம் இப்படித்தான் போக வேண்டும்.

ஜனவரி 10, சனிக்கிழமை காலைதான் பதினாறு பேரும் முதல் முறையாக ஒன்றாக வருவது. முதல் ஒரு மணி நேரம் ஐந்தாம் காட்சியும் தேர் வரும் துண்டும். மற்றவர்களை 10:30-க்கு வரச் சொல்லுங்கள். பிறகு ஒரு முறை நிறுத்தாமல் முழு நாடகம், கையில் கடிகாரத்தோடு. நடுவில் யார் தவறினாலும் நீங்கள் வாய் திறக்கக்கூடாது, எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஓட்டம் 34 நிமிடத்துக்குள் முடிந்தால் நல்லது. வசனம் சேரச் சேரத் தானாக 28-ஐ நெருங்கும். 34-ஐத் தாண்டினால் அன்றைக்கே இன்னும் இரண்டு மூன்று நிமிடம் வெட்டுங்கள், ஏனென்றால் அதைச் சரிசெய்ய உங்களிடம் இனி மணி நேரம் இல்லை. வெட்டும்போது வரி வரியாகக் கிள்ளாமல் ஒரு முழு உரையாடலை எடுங்கள். கிள்ளிய வரிகளைப் பழைய பழக்கத்தில் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள், எதிரே நிற்பவன் திகைத்துப் போவான்.

24-ஆம் தேதி சனிக்கிழமைக்கு ஒரு எச்சரிக்கை. சம்பா அறுவடை நேரம், வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகவோ வீட்டில் சின்னதைப் பார்த்துக்கொள்ளவோ பிள்ளைகளை நிறுத்துவார்கள். நவம்பரிலேயே இந்த ஒரு தேதியைப் பெற்றோரிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். யாராவது முடியாது என்றால், அவர் பிள்ளைக்கு வெற்று வட்டம் உள்ள வேஷம் போதும் என்று அப்போதே மாற்றிவிடலாம். 26 குடியரசு தினம், கொடியேற்றம் முடிந்ததும் யாரையும் பிடித்து வைக்காதீர்கள். 27 செவ்வாய்க்கிழமை மன்னனின் ஸ்பெஷல் கிளாஸ் நாள். மூன்று மாதத்தில் பத்தாம் வகுப்பு ஆசிரியரிடம் நீங்கள் கேட்கும் ஒரே செவ்வாய் அது என்பதால் கிடைத்துவிடும். 28-ஆம் தேதி வேஷ ஒத்திகை 6:30 வரை போகும். அன்று பஸ் கிடையாது, ஒவ்வொரு பிள்ளையையும் யார் வந்து கூட்டிப்போகிறார்கள் என்பதைப் பெயரோடு எழுதி, அந்த ஆள் வந்தபின்தான் அனுப்புங்கள்.

அட்டவணை சரியாக ஓடுகிறதா என்று இடையில் பார்க்க, ஒத்திகை நடக்கும்போது ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். மேடைக்கு வெளியே மூன்று பேருக்கு மேல் சும்மா உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தால், அன்று தேவைக்கு மேல் ஆளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நோட்டில் ஒவ்வொரு காட்சியின் கீழும் அதைத் தொட்ட தேதியை எழுதிவந்தால், பத்து நாளாகத் தொடாத காட்சி தானாகக் கண்ணில் படும். அடுத்த செவ்வாயோ வெள்ளியோ அதற்குத்தான். ஆசிரியர்கள் பெரும்பாலும் தொடாமல் விடுவது மூன்றாம் காட்சியை. பசு வந்து மணியை இழுப்பதுதானே, அதிலென்ன என்று நினைப்போம். ஆனால் மணிக் கயிறு எந்த உயரத்தில் தொங்குகிறது, நாலு காலில் நடந்து வரும் சிறு பிள்ளை அதை எப்படி எட்டும், மணி சத்தத்தில் காவலன் வசனம் கேட்குமா என்பதெல்லாம் பழகினால்தான் தெரியும். கயிறையும் மணியையும் நவம்பரிலேயே கட்டிவிடுங்கள். மணி அடித்து ஓயும்வரை காவலன் வாய் திறக்கக்கூடாது என்பதை அவன் காதால் பழக வேண்டும்.

29-ஆம் தேதி வியாழன் பிள்ளைகளுக்கு ஒத்திகை வைக்காதீர்கள். அன்று நீங்களும் உதவிக்கு இரண்டு ஆசிரியர்களும் மேடையில் தேரை உருட்டிப் பாருங்கள், மணியைக் கட்டுங்கள், மைக் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். மன்னன் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகட்டும். கபடிப் பிள்ளைகளிடம் மட்டும், 30-ஆம் தேதி மாலைப் பயிற்சி இல்லை என்று பி.டி. சார் வாயாலேயே சொல்லச் சொல்லிவிடுங்கள்.